கடைசிக் காட்சியில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

90 நிமிட மேடை நாடகம் ஒன்றைப் பதிவு செய்தோம். அரங்கின் பின்னால் முழு மேடைக்கு ஒரு கேமரா, இடப்பக்கம் நெருக்கக் காட்சிக்கு இன்னொன்று, வலப்பக்கம் ஒரு செல்போன். ஒலி மிக்சரிலிருந்து தனி ரெக்கார்டருக்குப் போனது. தொடக்கத்தில் கைதட்டி எல்லாவற்றையும் பொருத்திவிட்டேன். ஆனால் கடைசிக் காட்சியில் குரல் உதட்டுக்குப் பின்னால் வந்தது. நடிகர்களின் உழைப்பே வீணாகிவிடுமோ என்று பதறிப்போனேன்.

காரணம் இரண்டு. செல்போன் படம் ஒரு நேரம் முந்தியது, ஒரு நேரம் பிந்தியது. அப்படித் தாறுமாறாக விலகினால், போன் பிரேம் வேகத்தை மாற்றி மாற்றி எடுத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எடிட்டிங்குக்கு முன் அதை நிலையான 25 பிரேமுக்கு மாற்றினேன்:

```
ffmpeg -i phone.mp4 -fps_mode cfr -r 25 -c:v libx264 -crf 16 -c:a pcm_s16le phone25.mov
```

மற்ற இரண்டு கேமராக்களில் விலகல் சீராகக் கூடி, முடிவில் 8 பிரேம் ஆனது. இது ரெக்கார்டரின் கடிகாரமும் கேமராக்களின் கடிகாரமும் நூல் அளவு வேறுபடுவதால் வருவது. ஒலியின் வேகத்தை 0.006 சதவீதம் கூட்டினால் போதும், ஆனால் என் மென்பொருளில் இரண்டு தசமத்துக்கு மேல் போட முடியவில்லை. சரி, நாடகத்தில் மூன்று முறை விளக்கு அணைகிறதே! ஒவ்வோர் இருட்டிலும் ஒலியில் 2 பிரேம் மௌனத்தை வெட்டி, மீதியை முன்னே இழுத்தேன். காட்சிக்குள் விலகல் 2 பிரேமைத் தாண்டவில்லை. திரையில் யாருக்கும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் கேமராக்களை நிறுத்துமுன் இன்னொரு முறை கைதட்டுகிறேன். விலகலை அளக்க அந்த இரண்டாவது தட்டுதான் வேண்டும். இருட்டே வராத தெருக்கூத்துக்கு இந்த வெட்டு உதவாது, அங்கே வேகத்தைத்தான் திருத்த வேண்டும்.