பூஸ்டர் தரையிறங்குவதை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் எந்தப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தாலும், தெர்மாகோலில் செய்த தரையிறங்கும் ராக்கெட் ஒன்றாவது இப்போது இருக்கிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நடுவராகப் போகும்போது பார்க்கிறேன், மாடல்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்க அட்டையில்தான் அதே தப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மாடல் பெரும்பாலும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

"செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டுவிட்டு ராக்கெட் திரும்பி வருகிறது" என்று எழுதுவது முதல் தப்பு. திரும்புவது கீழ் அடுக்கான பூஸ்டர் மட்டுமே. கிளம்பி ஏறக்குறைய இரண்டரை நிமிடத்தில், 65 முதல் 70 கிலோமீட்டர் உயரத்தில் அது கழன்றுவிடும். அப்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 8,000 கி.மீ. சுற்றுப்பாதைக்கோ 28,000 வரை வேண்டும். மீதி வேகத்தைக் கொடுப்பது மேல் அடுக்கு, அது திரும்பி வந்து மறுபடி பறப்பதில்லை. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் பூஸ்டர் கரைக்க வேண்டிய ஆற்றல், எடைக்கு எடை பார்த்தால், சுற்றுப்பாதையில் இருக்கும் பொருளின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உடம்பெல்லாம் வெப்ப ஓடு ஒட்டாமல் அது தப்பிப்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது படத்தில் வரும் தப்பு. மேலிருந்து தரை வரை ஒரே நீளமான நெருப்பை வரைந்து, "எஞ்சின் வேகத்தைக் குறைக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். கடலில் நிற்கும் மிதவையில் இறங்கும் ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். கழன்ற பூஸ்டர் நைட்ரஜன் வாயுவைப் பீச்சித் தன்னைத் திருப்பிக்கொள்கிறது, எஞ்சின்கள் கீழ்நோக்கி வருகின்றன. காற்று அடர்த்தியாகத் தொடங்கும் இடத்தில் ஒன்பது எஞ்சின்களில் மூன்று அரை நிமிடத்துக்கும் குறைவாக எரிந்து, 8,000-ஐ ஏறக்குறைய 6,000 ஆக்குகின்றன. தரையிறங்குவதற்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. சூடு தாங்க முடியாமல் போகக் கூடாது என்பதுதான் இங்கே நோக்கம். காற்றில் பாய்வதால் ஏறும் சூடு வேகத்தின் முப்படியைப் பொறுத்தது என்பதால், வேகத்தில் கால்வாசி போனாலே சூடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

அங்கிருந்து மணிக்கு 900 கி.மீ. வரை கொண்டுவருவது காற்று, எஞ்சின் அணைந்தே இருக்கும். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு. 60 கி.மீ. உயரத்திலோ அது கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் நாலாயிரத்தில் ஒரு பங்கு. இறங்க இறங்கக் காற்று கெட்டியாகிறது, பூஸ்டரின் அகலமான அடிப்பாகம் அதில் முட்டிக்கொண்டே வருகிறது. மேலே விரிந்திருக்கும், கம்பிவலை போன்ற நான்கு கிரிட் ஃபின்கள் திசையைப் பார்த்துக்கொள்கின்றன. கல்லட்டி இறக்கத்தில் லாரியை இரண்டாம் கியரில் விட்டுவிட்டு, பிரேக்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிற மாதிரிதான். ஆற்றல் கணக்கில் பார்த்தால் ஆரம்பத்தில் இருந்ததில் பாதிக்கு மேல் கரைப்பது காற்று. எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கிற கடைசி நெருப்பின் பங்கு நூறில் இரண்டுகூட இல்லை. நேரலையில் திரையின் கீழே ஓடும் வேக எண்ணைக் கவனித்தால் இதை நீங்களே பார்த்துவிடலாம்: நெருப்பே இல்லாத நேரத்தில்தான் அது கிடுகிடுவென்று இறங்கும்.

"கடைசியில் அந்தரத்தில் நின்று மெதுவாக இறங்குகிறது" என்பது மூன்றாவது தப்பு. ஃபால்கன் 9-ஆல் அந்தரத்தில் நிற்கவே முடியாது. அதன் ஒரு எஞ்சின் முழு வீச்சில் சுமார் 86 டன் உந்தும். குறைத்தாலும் 40 சதவீதம் அளவுக்குத்தான் குறைக்கலாம், அதாவது 34 டன். எரிபொருள் தீரும் நிலையில் இருக்கும் பூஸ்டரின் எடையோ 30 டன்னுக்கும் குறைவு. ஒரே எஞ்சினை எவ்வளவு சிறிதாக வைத்தாலும் ராக்கெட்டை அது மேலே தூக்கத்தான் செய்யும். அதனால் வேகம் பூஜ்யமாகும் கணமும் கால் தரையைத் தொடும் கணமும் ஒன்றாக அமைய வேண்டும்.

"அப்போ கொஞ்சம் முன்னாடியே எஞ்சினைப் போட்டா சேஃப்தானே சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வேகம் நொடிக்கு 250 மீட்டர், ஈர்ப்பு போக மிஞ்சும் தடுப்பு ஒவ்வொரு நொடியும் வேகத்தில் 14 மீட்டரைக் குறைக்கிறது என்று வையுங்கள். நிற்க 18 நொடி ஆகும், 2,230 மீட்டர் தூரம் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். எஞ்சின் மூள்வது அதைவிடத் தாழ்வான உயரத்தில்! அதே உந்துவிசையை மாற்றாமல் ஒரு நொடி முன்னால் மூட்டினால் தரைக்கு 250 மீட்டர் மேலே வேகம் பூஜ்யமாகி, அப்புறம் ராக்கெட் ஏறத் தொடங்கும். ஒரு நொடி தாமதித்தால் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் தரையில் மோதும். நடைமுறையில் கணினி உந்துவிசையைக் கூட்டிக் குறைத்து இந்த இடைவெளியைச் சரிக்கட்டுகிறது. அது சொன்னபடி வால்வு கேட்க வேண்டும், அவ்வளவுதான். 2015 ஏப்ரலில் உந்துவிசையைக் கட்டுப்படுத்தும் வால்வு தாமதமாக இயங்கியதில், மிதவையைச் சரியாக எட்டிய பூஸ்டர் சாய்ந்து விழுந்து வெடித்தது. 2018 பிப்ரவரியில், மூன்று பூஸ்டர்களைச் சேர்த்துக் கட்டிய ஃபால்கன் ஹெவியின் நடுப் பூஸ்டரில் பற்றவைக்கும் திரவம் போதாமல் மூன்று எஞ்சின்களில் ஒன்றுதான் மூண்டது. மணிக்கு 500 கி.மீ. அளவு வேகத்தில் அது கடலில் விழுந்தது.

செலவுப் பகுதிக்கு வந்தால், "எரிபொருள் மிச்சமாவதால் செலவு குறைகிறது" என்று எழுதுவதுதான் பெரிய தப்பு. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் மொத்தச் செலவில் சிறு துளி. பூஸ்டரை மீட்பதென்றால் இறங்குவதற்கும் எரிபொருளை ஒதுக்க வேண்டும், கால்களையும் கிரிட் ஃபின்களையும் சுமக்க வேண்டும், அதனால் சரக்கு குறையும். புவிநிலைப் பாதைக்கு மாறும் இடைவழிப் பாதைக்கு ஃபால்கன் 9 கொண்டுபோவது பூஸ்டரைக் கைவிட்டால் 8.3 டன், மீட்டால் 5.5 டன். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு.

இப்போது கணக்கைப் போடுவோம். புது ராக்கெட்டுக்கு 100 ரூபாய் செலவென்றால், ஸ்பேஸ்எக்ஸின் எலான் மஸ்க் சொன்ன விகிதப்படி பூஸ்டருக்கு 60, மற்றவை எல்லாம் சேர்த்து 40. மீட்டு, சோதித்து, சரிசெய்யப் பயணத்துக்கு 10 என்று நானே வைக்கிறேன். இரண்டே முறை பறந்தால் ஒரு பயணத்துக்கு 30 + 40 + 10 = 80. மலிவாகத்தான் தெரிகிறது. ஆனால் ஏற்றியது மூன்றில் இரண்டு பங்குச் சரக்கு, ஆகவே பழைய அளவுச் சரக்குக்கு 120 ஆகிறது, நஷ்டம். நான்கு முறை பறந்தால் ஏறக்குறைய சரிக்குச் சரி. பத்து முறை பறந்தால் 56, சரக்கைச் சரிக்கட்டினால் 84. செயற்கைக்கோள் நான்கு டன்தான் என்றால், குறைந்த கொள்ளளவு யாரையும் பாதிக்காது, இரண்டாவது பயணத்திலேயே லாபம். இரண்டு மூன்று பயணம் போதும் என்று மஸ்க்கும், சராசரியாகப் பத்தாவது வேண்டும் என்று போட்டி நிறுவனமான யுஎல்ஏ-வின் அப்போதைய தலைவர் டோரி புருனோவும் 2020-இல் முரண்பட்டதை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம்.

செலவையும் விலையையும் குழப்ப வேண்டாம். பட்டியல் விலை 2016-இல் 62 மில்லியன் டாலர், 2024-இல் கிட்டத்தட்ட 70 மில்லியன். மிச்சம் நிறுவனத்திடம் தங்குகிறது.

"மறுபயன்பாடு என்றாலே மலிவு" என்று ஒரே வரியில் முடிக்கும் அட்டைக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். ஸ்பேஸ் ஷட்டிலும் திரும்பி வந்தது, 135 முறை பறந்தது. 20,000-க்கும் மேற்பட்ட வெப்ப ஓடுகளை ஒவ்வொரு முறையும் பரிசோதிக்க வேண்டியிருந்தது, உப்புத்தண்ணீரில் விழுந்த அதன் பூஸ்டர்களைப் பிரித்து மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. மேலே நான் 10 ரூபாய் போட்ட இடத்தில் அதற்கு எவ்வளவு போடலாம் என்று நீங்களே மாற்றிப் பாருங்கள்.