மொசைக் வரைபடம்: அகலத்தைப் படித்துவிட்டு உயரத்தை ஒப்பிடுங்கள்

மண்டபம் பகுதியில் ஒரு மீன் இறங்குதளத்தில் நின்று, கரை திரும்பும் ஒவ்வொரு படகும் விசைப்படகா நாட்டுப்படகா என்பதையும், அதில் அதிகமாக வந்தது இறாலா, நண்டா, மீனா என்பதையும் குறித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டுமே வகைகளின் பெயர்கள்; ஒன்றுக்கொன்று தொடர்புடையவையா என்று பார்க்க ஏற்ற படங்களுள் ஒன்று மொசைக் வரைபடம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. கணக்கெடுப்பில் கிடைத்தவை அல்ல.

ஆர் மொழியில் இதற்கெனத் தனித் தொகுப்பு எதையும் நிறுவ வேண்டியதில்லை.

```r
m <- matrix(c(60, 24, 36,
              12, 40, 28),
            nrow = 2, byrow = TRUE,
            dimnames = list(padagu = c("visai", "naattu"),
                            pidippu = c("iraal", "nandu", "meen")))
mosaicplot(m, shade = TRUE)
prop.table(m, 1)
```

படி 1: அகலம். படம் முதலில் படகு வகையால் இரண்டு நெடும்பத்திகளாகப் பிரிகிறது. மொத்தம் 200 படகுகளில் 120 விசைப்படகுகள், 80 நாட்டுப்படகுகள் என்பதால், இடப்பத்தி 60 சதவீத அகலத்தையும் வலப்பத்தி 40 சதவீதத்தையும் எடுத்துக்கொள்கின்றன. எந்த வகைப் படகு எத்தனை வந்தது என்பதற்கு மேல் அகலம் எதையும் சொல்வதில்லை. தொடர்பைப் பற்றி அது பேசுவதே இல்லை.

படி 2: உயரம். ஒவ்வொரு பத்தியும் அதற்குள் இருக்கும் படகுகளை மட்டும் நூறாகக் கொண்டு குறுக்கே வெட்டப்படுகிறது. மேலிருந்து கீழாக, விசைப்படகுப் பத்தியில் இறால் 50, நண்டு 20, மீன் 30 சதவீதம். நாட்டுப்படகுப் பத்தியில் முறையே 15, 50, 35. மேலே உள்ள `prop.table` வரி இதே விகிதங்களைத் தருகிறது. படத்தோடு அதை ஒத்துப்பார்ப்பது நல்லது.

படகு வகைக்கும் பிடிப்புக்கும் தொடர்பே இல்லாதிருந்தால், இரண்டு பத்திகளிலும் வெட்டுக்கோடுகள் ஒரே மட்டத்தில் ஓடியிருக்கும். மொத்தத்தில் நண்டு 64 படகுகள், அதாவது 32 சதவீதம் என்பதால், நண்டுக் கட்டம் இரு பக்கமும் அதே 32 சதவீத உயரத்தில் நின்றிருக்கும். இங்கோ அது ஒரு பக்கம் 20, மறுபக்கம் 50. இந்தப் படிக்கட்டு போன்ற உடைவுதான் தொடர்பின் அடையாளம்.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பரப்பளவில்தான். கட்டத்தின் பரப்பு படகுகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. மீன் கட்டம் விசைப்படகுப் பக்கம் 36, நாட்டுப்படகுப் பக்கம் 28 என்பதால் இடப்பக்கக் கட்டமே கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் உயரம் 30, 35. அதாவது மீனின் பங்கு நாட்டுப்படகில்தான் சற்று அதிகம். தொடர்பைத் தேடுபவர் பரப்பை ஒதுக்கிவிட்டு உயரத்தை மட்டும் ஒப்பிட வேண்டும்.

கட்டம் நிற்கும் இடமும் ஏமாற்றும். இந்த வரிசையில் நண்டுக்கும் மீனுக்கும் இடையிலான கோடு மேலிருந்து 70 சதவீதத்திலும் 65 சதவீதத்திலும் விழுவதால், இரு பக்கமும் ஏறத்தாழ நேராகத் தெரிகிறது. மீனை நடுவில் வைத்து வரைந்தால், அதே மீன் கட்டம் இடப்பக்கம் 50 முதல் 80 வரையும் வலப்பக்கம் 15 முதல் 50 வரையும் போய் நிற்கும். உயரம் துளியும் மாறாவிட்டாலும் மீனில் பெரிய வேறுபாடு இருப்பதுபோல் தோன்றும். எனவே, அதிகம் மாறாத வகையை ஓரத்தில் வைப்பதே என் வழக்கம்.

படி 3: நிறம். தொடர்பு இல்லையென்றால் நாட்டுப்படகில் எதிர்பார்க்கக்கூடிய நண்டுப் படகுகள் 80 × 64 ÷ 200 = 25.6. கிடைத்தது 40. வித்தியாசமான 14.4-ஐ 25.6-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏறத்தாழ 2.8 வருகிறது. இந்த மதிப்பு 2-ஐத் தாண்டினால் கட்டம் நீலமாகும், −2-க்குக் கீழே போனால் சிவப்பாகும். நம் படத்தில் இறால், நண்டுக் கட்டங்கள் நான்கும் நிறம் பெறுகின்றன; மீன் கட்டங்கள் இரண்டும் வெள்ளையாகவே இருக்கின்றன.

இந்த உடைவுக்குப் படகுதான் காரணம் என்று உடனே எழுதிவிடக் கூடாது. நண்டு வலையை நாட்டுப்படகினரும் இழுவலையை விசைப்படகினரும் அதிகம் பயன்படுத்தினால், படம் காட்டுவது உண்மையில் வலையின் வேறுபாடாக இருக்கலாம். வலை வகையையும் குறித்திருந்தால்தான் அதைப் பிரித்துப் பார்க்க முடியும்.

குறுகிய பத்தியிலும் எச்சரிக்கை தேவை. கரைவலைக்கென 8 பதிவுகள் மட்டும் கொண்ட மூன்றாம் பத்தி ஒன்றைச் சேர்த்தால், அதில் ஒரே ஒரு பதிவு மாறினாலும் கட்டத்தின் உயரம் 12.5 சதவீதம் ஏறி இறங்கும். அப்படிப்பட்ட மெல்லிய பத்தியில் தெரியும் பெரிய உடைவு, நிறம் பெறாதவரை, தற்செயலாகவும் இருக்கலாம்.