பூஸ்ட் பட்டனை அழுத்தினால் வெள்ளி எங்கே போகிறது?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சிங்கப்பூரில் ஃபேஸ்புக்கைத் திறந்தால் முறுக்கு, அதிரசம், நெய் பிஸ்கட் என்று வரிசையாக விளம்பரப் பதிவுகள் வரும். நிறையப் பேர் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பவர்கள். 50, 60 வெள்ளி கட்டி ஒரு பதிவை பூஸ்ட் செய்திருப்பார்கள். லைக் குவியும், ஆர்டர் மட்டும் வராது. பலகாரத்தைக் குறை சொல்ல வேண்டாம். பட்டனை அழுத்தியதும் திரையில் வரும் நாலைந்து கேள்விகளுக்கு என்ன பதில் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

பூஸ்ட் செய்தால் உங்கள் பதிவு விளம்பரமாகி ஓர் ஏலத்துக்குள் போகிறது. ஒருவருடைய திரையில் விளம்பரத்துக்கு இடம் வரும் ஒவ்வொரு முறையும் பல விளம்பரங்கள் அங்கே போட்டியிடும். யார் அதிகப் பணம் தருகிறார் என்பதோடு, நீங்கள் கேட்ட செயலை இந்த ஆள் செய்வாரா என்ற கணிப்பும் விளம்பரத்தின் தரமும் சேர்ந்துதான் முடிவாகும். ஆக, உங்கள் பணத்துக்கு அந்தச் செயலை அதிக எண்ணிக்கையில், மலிவாகச் செய்யக்கூடியவர்களை அது தேடிப் போகும். பெரும்பாலான தவறுகள் இந்த ‘மலிவாக’ என்பதில்தான் தொடங்குகின்றன.

முதல் தவறு, இலக்கு. ஈசூனில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் முறுக்கு ஆர்டர் எடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இலக்கு கேட்கும் இடத்தில் “Get more engagement” என்று இருப்பதை அவர் அப்படியே விட்டுவிடுகிறார். உடனே எதைக் கண்டாலும் லைக் போடும் பழக்கம் உள்ளவர்களிடம் பதிவு போய்ச் சேரும். அவர்கள் முறுக்கு வாங்குகிறவர்களா என்பது அங்கே கணக்கிலேயே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தட்டினால்கூட அது ஒரு ஈடுபாடாகப் பதிவாகும். அவருக்கு வேண்டியது “Get more messages”. வாட்ஸ்அப்பை இணைத்துவிட்டால் பதிவின் கீழே உரையாடல் பட்டன் வரும். விசாரிக்கக் கூடியவர்களிடம் காட்டும் முயற்சியும் நடக்கும். லைக்கைவிட விசாரிப்பின் எண்ணிக்கை குறைவாக இருக்கும், ஒவ்வொன்றின் விலையும் ஏறும். அதைப் பார்த்துப் பயந்துபோய்ப் பழைய இலக்குக்கே திரும்புகிறவர்கள் உண்டு. திரும்பக் கூடாது.

அடுத்தது பார்வையாளர்கள். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கென்றே இங்கே சில பள்ளங்கள் இருக்கின்றன.

பதிவு தமிழில் இருக்கிறதே என்று இருப்பிடத்தில் சிங்கப்பூரோடு இந்தியாவையும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் விளம்பரம் காட்ட ஆகும் செலவு இங்கே ஆவதைவிட மிகக் குறைவு. இரண்டையும் ஒரே பூஸ்டில் போட்டால் பணத்தின் பெரும் பகுதி மலிவான பக்கமே ஓடிவிடும். ஆயிரக்கணக்கான லைக், “எந்த ஊர்ல கிடைக்கும்?” என்று மதுரையிலிருந்து நாலு கேள்வி, அதோடு சரி. சிங்கப்பூரில் மட்டும் விற்கிறீர்கள் என்றால் சிங்கப்பூரை மட்டும் வையுங்கள்.

வட்டம் போடும் வசதியிலும் இதே சிக்கல் உண்டு. உட்லண்ட்ஸை நடுவாக வைத்து 10 கிலோமீட்டர் வட்டம் போட்டால் அது காஸ்வேயைத் தாண்டி ஜொகூர் பாருவையும் அள்ளிக்கொள்ளும். ஈசூன், செம்பவாங்கை நடுவாக வைத்தாலும் அப்படித்தான். டெலிவரி வடக்கு வட்டாரத்துக்கு மட்டும் என்றால் வட்டத்தைச் சிறிதாக்குங்கள், வரைபடத்தில் கோடு எதுவரை போகிறது என்று ஒருமுறை பாருங்கள். தீவு முழுக்க அனுப்புவீர்கள் என்றால் வட்டமே வேண்டாம். நாட்டின் பெயர் போதும்.

மூன்றாவது பள்ளம் மொழி. கொஞ்சம் விவரமானவர்கள் ஃபேஸ்புக்கின் விளம்பர நிர்வாகப் பக்கமான ஆட்ஸ் மேனேஜருக்குப் போய் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுப்பார்கள். வீட்டில் என்ன பேசுகிறோம் என்பது அந்தத் தேர்வுக்குத் தெரியாது. செயலியை எந்த மொழியில் வைத்துப் பயன்படுத்துகிறோம் என்பதைத்தான் அது முக்கியமாகப் பார்க்கும். இங்கே தமிழ் பேசுகிறவர்களில் எத்தனை பேர் ஃபோனைத் தமிழில் வைத்திருக்கிறார்கள்? உங்கள் அக்காவின் ஃபோனை வாங்கிப் பாருங்கள், தெரியும். அதைவிட, தீபாவளி, தமிழ்த் திரைப்படம் போன்ற ஆர்வங்களைச் சேர்த்துவிட்டு, படத்தின் மேலேயே தமிழில் ‘தீபாவளி முறுக்கு’ என்று எழுதுவது நல்லது. ஆனால் ஆர்வங்களைப் பத்துப் பதினைந்தாக அடுக்க வேண்டாம்.

சரி, பணமும் நாளும். 60 வெள்ளியை 30 நாளுக்குப் பரப்பினால் நாளுக்கு 2 வெள்ளி. அதில் யார் விசாரிக்கிறார்கள் என்று கற்றுக்கொள்ளும் அளவுக்குக்கூட விளம்பரம் ஓடாது. அதையே 6 நாளுக்கு, நாளுக்கு 10 வெள்ளியாக வைத்தால் பார்க்கத்தக்க ஏதாவது கிடைக்கும். நாளுக்கு இவ்வளவு என்று வைத்தாலும் ஒரு நாள் அதைவிடக் கூடுதலாகப் போகலாம், மறுநாள் குறையலாம். பதறி நடுவில் நிறுத்த வேண்டாம். பார்வையாளரையோ தொகையையோ தினமும் மாற்றிக்கொண்டிருந்தால் விளம்பரம் கற்றதெல்லாம் போய் மறுபடி தொடங்கும்.

கால அளவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நீங்களாக நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும் தெரிவு பல நேரம் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். ஆர்டர் எடுப்பதை நிறுத்தி, அடுப்பையும் கழுவி வைத்த பிறகும் கார்டில் பணம் போய்க்கொண்டிருக்கும். முடியும் தேதியை நீங்களே போடுங்கள், அது ஆர்டர் எடுக்கும் கடைசி நாளுக்கு ஓரிரு நாள் முன்னதாக இருக்கட்டும். தொடங்கும்போதும் ஃபேஸ்புக்கின் பரிசீலனைக்கு 24 மணி நேரம் வரை ஆகலாம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். வியாழன் இரவு அழுத்திவிட்டு வெள்ளிக் காலை விசாரிப்பு வரும் என்று காத்திருக்க முடியாது.

கட்டும் இடத்தையும் கவனியுங்கள். ஐபோன் செயலிக்குள்ளேயே பணம் கட்டினால் ஆப்பிளின் 30 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம் சேரலாம். கணினியில் பிரவுசர் வழியாகச் செய்தால் அது இல்லை. பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாத வீட்டுத் தொழில் என்றால் 9 விழுக்காடு வரியும் உண்டு. 60 வெள்ளி 65.40 ஆகும்.

கடைசியாக அறிக்கை. நம் ஈசூன்காரர் இலக்கை மாற்றி 6 நாள் ஓட்டினார் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பதிவு 7,000 பேரைச் சென்றடைந்தது. மொத்தம் 12,600 முறை திரையில் வந்தது. வகுத்தால் ஒருவர் சராசரியாக 1.8 முறை பார்த்திருக்கிறார். இது பரவாயில்லை. நாலு, ஐந்து என்று ஏறிக்கொண்டே போய் விசாரிப்பு மட்டும் குறைந்தால் அதே ஆட்கள் சலித்துவிட்டார்கள் என்று பொருள். அப்போது படத்தை மாற்ற வேண்டும். தொடங்கிய உரையாடல்கள் 24. ஒன்றுக்கு 2.50 வெள்ளி என்று அறிக்கை காட்டும்.

அறிக்கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். “விலை என்ன?” என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனவரும் அந்த 24-க்குள் இருக்கிறார். வாட்ஸ்அப்பை எண்ணிப் பார்த்தால் ஆர்டர் 6. வரியோடு 65.40 வெள்ளியை ஆறால் வகுத்தால் ஓர் ஆர்டருக்கு 10.90. சராசரி ஆர்டர் 40 வெள்ளி, மாவு, எண்ணெய், டப்பா, டெலிவரி எல்லாம் 25 என்றால் மிச்சம் 15. விளம்பரத்தைக் கழித்த பிறகு கையில் 4.10. லைக் இலக்கில் ஓட்டியிருந்தால் ‘ஒரு ஈடுபாடு 10 காசு’ என்று அறிக்கை இதைவிட அழகாகத்தான் இருந்திருக்கும்.

இனி வயது, பால், இடம் எனப் பிரித்துக் காட்டும் பகுதியைத் திறந்து பணம் யாரிடம் போனது என்று பார்க்க வேண்டும். பாதிப் பணம் 18 முதல் 24 வயதுக்காரர்களிடம் போயிருக்க, ஆர்டர் கொடுத்த ஆறு பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள் என்றால், அடுத்த பூஸ்டில் வயதை 35-லிருந்து தொடங்கலாம். அதை மட்டும் மாற்றுங்கள். படம், வயது, தொகை மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், ஆர்டர் கூடினாலும் எதனால் கூடியது என்று சொல்ல முடியாது.