சொதி திரைவது அடுப்பை அணைத்த பிறகுதான்

திருகோணமலையில் எங்கள் சமையலறைக்கு வேலை பழக வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் முதலில் கொடுப்பது சொதிச் சட்டிதான். காலை இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலில் செய்யும் இந்தச் சொதி இல்லாமல் முடியாது. நல்ல சொதியும் கெட்ட சொதியும் ஒரே சாமான்களில்தான் வருகின்றன. ஒவ்வொரு பிள்ளையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நெருப்பைக் குறை, கைவிடாமல் கலக்கு என்பதெல்லாம் எந்த வீட்டிலும் அம்மா சொல்லித் தருவார். அதை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் சரியாகச் செய்தும் ஏன் திரைகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

பால் ஏன் திரைகிறது

தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள். ஒவ்வொரு துளியையும் தேங்காயின் புரதம் மெல்லிய தோலாகப் போர்த்தியிருக்கும். அந்தத் தோல் இருக்கும்வரை துளிகள் ஒன்றோடொன்று சேராமல் விலகியே நிற்கும், பாலும் வெள்ளையாக, வழுவழுப்பாக இருக்கும்.

இந்தத் தோலைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று கடும் சூடு. நெடுநேரம் கொதித்தால் புரதம் உருமாறித் தோல் கிழிகிறது, துளிகள் சேர்ந்து எண்ணெயாக மேலே வருகின்றன. மற்றது புளிப்பு. துளிகளை விலக்கி வைத்திருக்கும் மின்னேற்றத்தைப் புளி குறைத்துவிடுவதால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டி மணி மணியாகத் திரள்கிறது. சூடு மட்டும் என்றால் பால் கொஞ்ச நேரம் தாங்கும். ஆறிய பாலில் கொஞ்சம் புளி விட்டாலும் உடனே ஒன்றும் தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்தான் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் கெட்டுப்போகும்.

முதற்பாலில் எண்ணெய் அதிகம், இரண்டாம் பாலில் குறைவு. அதனால்தான் இரண்டாம் பாலில் காய் வேகவைக்கிறோம், முதற்பாலைக் கடைசியில் விடுகிறோம்.

எண்ணெய் பிரிவதெல்லாம் தவறு என்று நினைக்க வேண்டாம். ஆட்டிறைச்சிக் கறியிலும் நண்டுக் கறியிலும் மேலே எண்ணெய் மிதந்தால்தான் கறி வற்றியது என்று அர்த்தம். திரையக் கூடாதது சொதி, பால்கறி, வெள்ளைக் கறி, இவைதான்.

அடுப்பை அணைத்தவுடன் புளி விடுவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் தவறு இது.

தேசிக்காய்ப்புளியை அடுப்பில் இருக்கும்போது விடக் கூடாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் விடுகிறார்கள். பிறகு என்னிடம் வந்து, "அணைச்சுப்போட்டுத்தானே அக்கா விட்டனான், ஏன் திரைஞ்சது?" என்று கேட்கிறார்கள். கேட்கிற பிள்ளை பொய் சொல்லவில்லை. அணைத்தது உண்மைதான். ஆனால் மண்சட்டி அணையவில்லை.

மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெருப்பு நின்ற பிறகும் உள்ளே குமிழி வருவது கண்ணுக்கே தெரியும். விறகடுப்பென்றால் கீழே தணல் வேறு கிடக்கிறது. அலுமினியச் சட்டி விரைவில் ஆறும். ஆனால் அதுவும் காஸ் அடுப்பின் இரும்புத் தாங்கியில் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சூடு வாங்கிக்கொண்டேயிருக்கும். கொதித்துக்கொண்டிருக்கும் பாலில் புளி விழுந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். பாலுக்கு நெருப்பு அணைந்ததா இல்லையா என்ற கணக்கே கிடையாது, பால் கொதிக்கிறதா என்பதுதான் கணக்கு.

நான்கு பேருக்கு நாங்கள் செய்யும் மீன் சொதியை அப்படியே சொல்கிறேன், எங்கே என்ன நடக்கிறது என்று விளங்கும்.

நடுத்தரத் தேங்காய் ஒன்று. திருவிய தேங்காய்ப்பூவில் கை பொறுக்கும் சூட்டில் முக்கால் கோப்பைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பிழிந்தால் முதற்பால். கொதிநீர் வேண்டாம். அதே பூவில் இரண்டு கோப்பைத் தண்ணீர் விட்டு எடுப்பது இரண்டாம் பால். சட்டியில் இரண்டாம் பால், அரிந்த வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கொஞ்சம் மஞ்சள், தேவையான உப்பு முழுவதும். உப்பும் பாலின் உறுதியைக் குறைக்கக் கூடியது. அதனால் முதற்பால் விட்ட பிறகு மேலே தூவாமல் இங்கேயே போட்டுக் கரைத்துவிடுவது நல்லது. வெங்காயம் வெந்ததும் மீன் துண்டுகளைப் போட வேண்டும். சந்தையில் விளைமீன் கிடைத்தால் அதுதான் சொதிக்கு என் விருப்பம், சதை கட்டியாக நிற்கும்.

மீன் வெந்ததும் நெருப்பை மிகக் குறைத்து, தளதளப்பு அடங்கிய பிறகு முதற்பாலை ஓரமாக மெல்லிய தாரையாக விட வேண்டும். அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருங்கள், மீனும் உடையாது, பாலும் ஒரே இடத்தில் சூடேறாது. சட்டி ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி வந்து, நடுவில் நுரை மெல்ல எழும்பப் பார்க்கும். அதுதான் நேரம். பொங்க விடாதீர்கள். நெருப்பை நிறுத்தி, சட்டியை அடுப்பிலிருந்து தூக்கி வேறிடத்தில் வையுங்கள். இந்தத் தூக்கி வைப்பதைத்தான் பிள்ளைகள் செய்வதில்லை.

தூக்கி வைத்த பிறகும் உடனே புளி இல்லை. ஓரத்துக் குமிழி முழுவதும் நிற்க வேண்டும். மண்சட்டி என்றால் ஐந்து நிமிடமாவது ஆகும், பெரிய சட்டியென்றால் இன்னும் அதிகம். மணிக்கூட்டைப் பார்க்காமல் சட்டியைப் பாருங்கள். இடையிடையே அள்ளி ஊற்றினால் சீக்கிரம் ஆறும். பிறகு அரைத் தேசிக்காயைப் பிழிந்து, விதை எடுத்து, அதோடு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் கலந்து, ஒரு கையால் சொதியைக் கலக்கிக்கொண்டே மறு கையால் சுற்றிவர விட வேண்டும். தண்ணீர் கலப்பது ஏன் என்றால், தனிப்புளி ஒரே இடத்தில் விழுந்தால் சட்டி முழுவதும் பரவும் முன் அந்த இடத்துப் பால் திரண்டுவிடும். உப்பும் புளியும் பார்த்து, போதாவிட்டால் மீதி அரையையும் இதே மாதிரி விடலாம்.

சரியாக வந்ததா என்று அகப்பையின் முதுகைப் பார்த்தால் தெரியும். வெள்ளையாக, ஒரே படலமாக ஒட்டியிருந்தால் நல்லது. சின்னச் சின்ன மணிகளும் இடையிடையே தெளிந்த தண்ணீரும் தெரிந்தால் திரைந்துவிட்டது. புளியால் திரைந்த பாலைப் பழையபடி ஆக்க முடியாது. மிக்சியில் அடித்தால் கொஞ்ச நேரம் மறையும், பரிமாறும்போது மறுபடி தெரியும். சூடு கூடி எண்ணெய் மட்டும் லேசாகப் பிரிந்திருந்தால், அதுவும் புளி விடுவதற்கு முன்பு என்றால், இறக்கி வைத்து, முதற்பால் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அதை விட்டு நன்றாகக் கலக்கினால் ஓரளவு சேர்ந்து வரும்.

புளி விட்ட சொதியைத் திரும்பச் சூடாக்குவது

மேலே சொன்ன தவறின் மறுபாதி இது. இதில்தான் காசும் போகிறது.

உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டு விசேஷம். காலைச் சாப்பாட்டுக்குப் பெரிய சட்டியில் சொதி, தேங்காய் பன்னிரண்டு. முறையாக இறக்கி, ஆறவிட்டு, புளியும் விட்டு, நன்றாகத்தான் இருந்தது. முதல் பந்தி முடிந்தது. இரண்டாம் பந்திக்கு ஆட்கள் வரத் தாமதமாக, சொதி ஆறிவிட்டதே என்று உதவிக்கு நின்ற ஒருவர் சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றிவிட்டார். நல்ல மனதோடு செய்ததுதான். நான் திரும்பி வந்து பார்க்கும்போது மேலே எண்ணெய், அடியில் வெள்ளைத் துகள், நடுவில் மஞ்சள் தண்ணீர். ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டி விற்ற காலம் அது. அதைவிட, இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஊற்றச் சொதி இல்லாமல் நின்றது எனக்கு இன்றும் மனசை அறுக்கிறது.

அதற்குப் பிறகு பெரிய சமையலில் ஒரே விதி வைத்திருக்கிறோம். பெரிய சட்டிக்குப் புளி கிடையாது. ஒவ்வொரு பந்திக்கும் வாளியில் எடுக்கும்போது அந்த வாளிக்கு மட்டும் புளி. சட்டியில் இருப்பதை எத்தனை தடவையும் மெல்லச் சூடாக்கலாம், கொதிக்க விடாமல். ஆள் அதிகம் என்றால் இரண்டாம் பாலிலேயே இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவைக் கரைத்து விடுவேன். மாவு குழம்பைக் கொஞ்சம் தடிக்க வைப்பதால் துளிகள் அவ்வளவு எளிதில் சேராது. சிலர் இதைக் கள்ளத்தனம் என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வீட்டில் இராச் சாப்பாட்டுக்கு மிச்சம் வைப்பவர்களும் இதையே செய்யலாம். மிச்சம் வைக்கும் பங்கைப் புளி விடுவதற்கு முன்பே வேறாக்கி எடுத்துவிடுங்கள்.

பழப்புளிக் குழம்பில் முதற்பால்

புளி முதலில் வந்துவிடுகிற இடம் இது. மீன் குழம்பில் பழப்புளியும் தூளும் இரண்டாம் பாலோடு கொதித்து, மீனும் வெந்து, நெருப்பு குறைந்த பிறகு முதற்பால். ஒரு கரண்டி குழம்பைக் கிண்ணத்தில் எடுத்துச் சூடாற்றி முதற்பாலோடு கலந்து, அந்தக் கலவையை விட்டால் பாதுகாப்பு. லேசாக எண்ணெய் காட்டினாலும் தூளின் நிறத்தில் அது அழகாகத்தான் இருக்கும்.

மூடி

முதற்பால் விட்ட சட்டிக்கு மூடி போடாதீர்கள்.

பெட்டிப்பாலில் பழகிய கை

பெட்டியிலும் டின்னிலும் வரும் பாலில் திரையாமல் இருக்க நிலைப்படுத்திகள் சேர்த்திருக்கிறார்கள். தேங்காய்ப்பால் மா பலவற்றில் மாட்டுப்பால் புரதமும் உண்டு. அவற்றைக் கொதிக்க விட்டாலும் பெரும்பாலும் தாங்கும். அதில் பழகியவர் பிழிந்த பாலையும் அப்படியே கொதிக்க விடுகிறார்.

ஃபிரிட்ஜில் உறைந்த பால்

சொதிக்கு உதவாது. இறைச்சிக் கறிக்கு விடுங்கள்.

காலையில் பிழிந்து மத்தியானம் சமைப்பது

எங்கள் ஊர் வெயிலில் பிழிந்த பால் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். மூக்குக்குத் தெரியும் முன்பே பாலுக்குத் தெரிந்துவிடும். புளியே விடாத பால்கறி திரைகிறதென்றால் முதலில் நான் சந்தேகப்படுவது இதைத்தான். சந்தேகம் இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி பாலைச் சின்னத் தாச்சியில் விட்டுத் தனியாகக் கொதிக்க வையுங்கள். கொதி வந்தவுடனேயே அது மணி மணியாகத் திரண்டால் மீதிப் பாலைச் சட்டியில் விடாதீர்கள். வேறு தேங்காய் திருவ வேண்டியதுதான்.