ஒப்பந்தச் சேவை ஓய்வூதியத்தில் சேர்ந்த விதம் – என் அனுபவம்

கிளிநொச்சி, முல்லைத்தீவில் அரச வேலை செய்தவர்களுக்கு, ஒப்பந்தச் சேவையை ஓய்வூதியத்தில் சேர்க்க விதியை விடப் பெரிய தடை ஆவணம் இல்லாததுதான். 2009 வரையிலான இடப்பெயர்வுகளில் பலரின் தனிப்பட்ட கோவையே போய்விட்டது. இலங்கையில் அரச ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும். ஒருவர் 01.03.2002இல் ஒப்பந்தத்தில் சேர்ந்து, 01.09.2003இல் நிரந்தரமாகி, 31.08.2012இல் ஓய்வு பெற்றார் என்று வைப்போம். நிரந்தரச் சேவை 9 வருடம் மட்டுமே. முந்தைய ஒன்றரை வருடம் ஏற்கப்பட்டால் 10 வருடம் 6 மாதம்.

முதலில் ஒப்பந்த முடிவுத் திகதியையும் நிரந்தர நியமனத் திகதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் ஒரு மாதம் விடுபட்டிருந்தாலும் கேள்வி வரும். அந்த மாதம் உண்மையில் வேலை செய்திருந்தால் சம்பளப் பட்டியலால் நிரூபிக்க வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. சம்பளமில்லாத தொண்டர் காலத்தை இதோடு குழப்பி எழுதினால் முழு விண்ணப்பமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நியமனக் கடிதம் தொலைந்தபோது எனக்குக் கைகொடுத்தது சேமலாப நிதிக் கணக்கறிக்கைதான். மாதாமாதம் பணம் கட்டிய பதிவு, பழைய கையெழுத்துப் பட்டியலை விட உறுதியானது. அதே அறிக்கை, பணத்தை மீளப் பெற்றீர்களா என்ற கேள்வியையும் கிளப்பும். ஒரே காலத்துக்கு இரட்டைப் பலன் கிடைக்காது என்பதால், அந்தப் பணத்தின் நிலைமையை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு திணைக்களத் தலைவர் ஊடாக, சேவை விவரம் பதியும் வரலாற்றுத் தாளைத் திருத்துவித்து, அதன் பிரதியைக் கையில் வைத்திருங்கள்.