எச்டிடிபி 2ல எல்லாம் ஒண்ணா நின்னா எங்க பாக்கணும்

ஹட்டன் பக்கம் மழை பெஞ்சா டொங்கல் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அப்ப நம்ம சைட்ல 30 படமும் ஒரே நேரத்துல பாதியில நிக்கும், அப்புறம் சடார்னு எல்லாம் சேர்ந்து வரும். நானும் முதல்ல சர்வரைத்தான் திட்டுனேன்.

பழைய எச்டிடிபி 1.1ல பிரவுசர் ஒரு சைட்டுக்கு 6 கனெக்ஷன் வரைக்கும் திறக்கும், ஒண்ணு மாட்டினாலும் மத்தது ஓடும். 2ல எல்லா ரிக்வெஸ்ட்டும் ஒரே டிசிபி கனெக்ஷன்ல போகுது, அதனால ஒரு பாக்கெட் தொலைஞ்சா அது திரும்பி வர்ற வரைக்கும் பின்னால வந்த எல்லாமே காத்துக் கெடக்கணும். குரோம் நெட்வொர்க் டேப்ல Connection ID நெடுவரிசையை ஆன் பண்ணிப் பாருங்க, நின்னதுக்கெல்லாம் ஒரே நம்பர்னா சந்தேகம் லைன் மேலதான். குரோமை முழுசா மூடிட்டு இப்படித் திறந்து அதே பேஜை திரும்ப லோட் பண்ணுங்க:

```
google-chrome --disable-http2
```

இப்ப ஒண்ணு ரெண்டு படம் மட்டும் நின்னு மிச்சம் வந்துச்சுன்னா பாக்கெட் லாஸ்தான். அப்பவும் ஒரு குறிப்பிட்ட ரிக்வெஸ்ட் மட்டுமே இழுத்தா சர்வர் பக்கம் போங்க.

வயர்ஷார்க்ல பாக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. SSLKEYLOGFILE வச்சிருந்தாலும், கனெக்ஷன் நடுவுல கேப்சர் தொடங்குனா ஆரம்ப ஹேண்ட்ஷேக் இல்லாததால டிக்ரிப்டே ஆகாது. அப்படியே டிக்ரிப்ட் ஆனாலும் ஹெடர் சரியா தெரியாது. ஏன்னா முதல் ரிக்வெஸ்ட்ல முழுசா அனுப்புன குக்கி, அடுத்ததுல 62 மாதிரி வெறும் நம்பராத்தான் போகும், அந்த நம்பர் எதைக் குறிக்குதுன்னு ஆரம்பத்துலேர்ந்து பாத்தாத்தான் தெரியும். அதனால கேப்சரை முதல்ல ஓட விட்டுட்டு அப்புறம் பிரவுசரைத் திறங்க.