பலர் திருத்தும் பட்ஜெட் ஷீட்: மாற்றப் பதிவேட்டில் நேரும் தவறுகள்

கூகுள் ஷீட்ஸில் இருக்கும் ஒரு பட்ஜெட்டைத் திட்ட அலுவலர், கணக்காளர், நிதி மேலாளர் எனப் பலர் ஒரே வாரத்தில் திருத்தும்போது, "எல்லாம்தான் Version history-யில் பதிவாகிறதே, தனியாகப் பதிவேடு எதற்கு?" என்ற கேள்வி தவறாமல் எழும். பெரும்பாலான குழப்பங்களுக்கு அந்த நம்பிக்கையே வேர். யார், எப்போது, எந்தச் செல்லை மாற்றினார் என்பதை அந்த வரலாறு காட்டும்; ஏன் மாற்றினார், யார் ஒப்புக்கொண்டார், மொத்தத் தொகை எவ்வளவு நகர்ந்தது என்பவற்றைக் காட்டாது. ஒரு செல்லை வலது கிளிக் செய்து பார்க்கும் Show edit history-யும், சூத்திரத்தின் விடை மாறியதைப் பதிவு செய்வதில்லை. விலைப் பட்டியலில் ஒருவர் ஒரு விகிதத்தை மாற்றினால், அதைச் சார்ந்த இருபது செல்களின் தொகை மாறியிருக்கும். ஆனால் அந்த இருபதின் வரலாற்றிலும் அன்றைய தேதியில் ஒன்றும் இருக்காது.

நான் பார்த்த ஒரு தொண்டு நிறுவன பட்ஜெட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் வரைவின் மொத்தம் ரூ. 48,60,000. அதில் A-04 என்ற வரி களப்பணியாளர் ஊதியம்: 6 பேர், 12 மாதம், மாதம் ரூ. 18,500, ஆக ரூ. 13,32,000. செலவைக் குறைக்க நினைத்த ஒருவர், பெருக்கல் சூத்திரம் இருந்த செல்லிலேயே 12,00,000 என்று தட்டிவிட்டார், பதிவேட்டில் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து, பணிக்காலம் 10 மாதம் என்று முடிவாகி, கணக்காளர் மாதச் செல்லை மாற்றி, ‘2,22,000 குறைவு’ என்று முறைப்படி பதிவு செய்தார். சூத்திரம்தான் இல்லையே; தொகை அசையவில்லை. பிறகு பயிற்சிப் பயணத்துக்கு ரூ. 60,000 கூடியது, அதுவும் பதிவானது.

இதைப் பிடித்துக் கொடுத்தது ஓர் எளிய கணக்கு. முதல் வரைவின் மொத்தத்துடன் பதிவேட்டில் உள்ள ஏற்ற இறக்கங்களைக் கூட்டினால் ரூ. 46,98,000 வரவேண்டும், ஷீட்டிலோ ரூ. 47,88,000 இருந்தது. ரூ. 90,000 எங்கோ பதிவில்லாமல் தங்கியிருந்தது. ‘மொத்தத்தில் மாற்றம்’ என்ற பத்தி இல்லாத பதிவேட்டில் இந்தச் சரிபார்ப்பு நடக்கவே நடக்காது. பலர் விட்டுவிடும் பத்தியும் இதுதான். (நிர்வாகச் செலவு விழுக்காட்டில் கணக்கிடப்பட்டால், அதற்கு முந்தைய கூட்டுத்தொகையை வைத்துச் சரிபார்ப்பது எளிது.)

வேறுபாடு எந்த வரியில் என்று காண, முதல் வரைவை Base என்ற தனித் தாளில் உறையவைத்திருக்க வேண்டும். இங்கே இன்னொரு தவறு நேர்கிறது: தாளை அப்படியே Duplicate செய்தால் சூத்திரங்களும் கூடவே வந்து, விலைப் பட்டியல் மாறும்போதெல்லாம் ‘பழைய’ தொகையும் மாறிக்கொண்டிருக்கும். Ctrl+Shift+V கொண்டு மதிப்புகளை மட்டும் ஒட்டி, அந்தத் தாளைப் பூட்டிவைக்க வேண்டும். அதன்பின் நடப்புத் தாளில், A பத்தியில் வரிக் குறியீடும் F பத்தியில் தொகையும் இருப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒப்பிடலாம்:

```
=F14-VLOOKUP($A14,Base!$A:$F,6,FALSE)
```

A-04 வரியில் இது −1,32,000 என்று காட்டியது. பதிவேடு −2,22,000 என்றது. அந்தச் செல்லின் வரலாற்றைத் திறந்ததும் சூத்திரம் அழிந்த நாளும் அழித்தவரும் தெரிந்துவிட்டது. வரலாறு பயன்படுவது இப்படித்தான்: எங்கே தேடவேண்டும் என்று பதிவேடு சொன்ன பிறகு. பதிவேட்டில் வரிக் குறியீட்டை எழுதாமல் F14 என்று செல் முகவரியை எழுதுபவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள். நடுவில் யாரேனும் ஒரு வரிசையைச் செருகியதும் அந்த முகவரி வேறொரு செலவைக் காட்டத் தொடங்கிவிடும்.

சூத்திரத்தின் மேல் தட்டச்சு செய்வதை முன்கூட்டியே காண, தொகைப் பத்திக்கு F2-இல் தொடங்கி Conditional formatting-இல் இதைக் கொடுத்து நிறமிடலாம்:

```
=NOT(ISFORMULA(F2))
```

பிழையைக் கண்டதும் பழைய பதிப்பை Restore செய்வது கடைசித் தவறு. அது ஒரு செல்லை மட்டும் மீட்பதில்லை. முழுக் கோப்பையும் அந்த நேரத்துக்குக் கொண்டுபோய், இடையில் மற்றவர்கள் செய்த சரியான திருத்தங்களையும், அதே கோப்பில் பதிவேடு இருந்தால் அதன் புதிய பதிவுகளையும் சேர்த்தே பின்தள்ளிவிடும். பழைய பதிப்பை Make a copy மூலம் தனிக் கோப்பாகத் திறந்து, தேவையான சூத்திரத்தை மட்டும் எடுத்து வந்து ஒட்டினோம். மொத்தம் 46,98,000-க்கு வந்தது. சூத்திரத்தை மீட்டதையும் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதினோம், மாற்றப் பத்தியில் 0 என்று; அந்த −2,22,000 ஏற்கெனவே அங்கே இருந்தது.